ரப்பர் ஷீட் விற்கப் போகும் முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பகுதிகளில் ஓரிரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்களில் பலர், ஷீட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் “இன்றைக்கு என்ன விலை?” என்ற ஒரே கேள்வியோடு பேரத்தைத் தொடங்கி, அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலோடு அதை முடித்தும் விடுகிறார்கள். கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம் ஆர்.எஸ்.எஸ்.4, ஆர்.எஸ்.எஸ்.5 ஆகிய தரங்களுக்குச் சந்தை விலையை வெளியிட்டு வருகிறது. அதை உள்ளூர்க் கடைக்காரரால் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அவர் கையில் இருப்பவை வேறு: அந்த விலையிலிருந்து கிலோவுக்கு எத்தனை ரூபாய் குறைப்பது, ஈரப்பதம் என்று சொல்லி எடையில் எவ்வளவு கழிப்பது, எந்தத் தரமாக எழுதுவது, பணத்தை என்றைக்குத் தருவது. பேச வேண்டியவை இவைதாம். இவற்றைக் கடை வாசலில் நின்று யோசிக்க முடியாது என்பதால், வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதற்கான முறையை இங்கே ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன்.

அதுவரை அப்பா விற்று வந்த இரண்டு ஏக்கர் தோட்டத்தின் பொறுப்பு மகளுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழை இல்லாத நல்ல மாதத்தில் 120 கிலோ ஷீட் கிடைக்கிறது. வழக்கமாக வாங்கும் கடைக்காரர் வீட்டுக்கே வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறார். தரம் பிரிக்காமல் மொத்தமாக, வாரியத்தின் ஆர்.எஸ்.எஸ்.4 விலையிலிருந்து கிலோவுக்கு 12 ரூபாய் குறைத்துக் கணக்கிடுகிறார், நூறு கிலோவுக்கு 3 கிலோ கழிக்கிறார், பதினைந்து இருபது நாள் கழித்துப் பணம் தருகிறார். வாரிய விலை அன்று 190 ரூபாய் என்று கொள்வோம். இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பக்கத்தில் உங்கள் சிட்டையில் உள்ள எண்கள் வர வேண்டும்.

தாளில் ஆறு பகுதிகள் இருக்கும்: நோக்கம், முக்கியத்துவ வரிசையில் விஷயங்கள், மாற்று ஏற்பாடுகள், முதல் பேச்சு, எல்லை, கேட்க வேண்டிய கேள்விகள். எல்லை தாளின் கீழ்ப்பகுதியில் இருந்தாலும் அதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும், ஏனென்றால் மற்ற ஐந்தும் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

எல்லை என்பது மனத்துக்குத் தோன்றிய ஒரு தொகையன்று. இந்தக் கடைக்காரரிடம் பேச்சு முறிந்தால் மறுநாள் இதே ஷீட்டை நாம் எங்கே கொடுப்போம், அங்கே கையில் எவ்வளவு நிற்கும் என்பதுதான் எல்லை. எனவே அந்த இன்னோர் இடத்துக்கு ஒருமுறையாவது உண்மையிலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மகள் ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் கொள்முதல் இடத்துக்கு இருபது ஷீட்டைக் கொண்டுபோய்க் காட்டுகிறார். அவற்றில் பதினைந்தை ஆர்.எஸ்.எஸ்.4 என்றும் ஐந்தை அதற்குக் கீழ் என்றும் பிரிக்கிறார்கள். முதல் வகைக்கு வாரிய விலையில் 5 ரூபாய் குறைவு, இரண்டாவது வகைக்கு 12 ரூபாய் குறைவு. எடைக் கழிவு கிடையாது, ஆனால் சரியாகக் காயாமல் வெள்ளைப் புள்ளி தெரியும் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பணம் ஒரு வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வரும்.

கணக்கு இப்படி வருகிறது. 120 கிலோவில் முக்கால் பங்கான 90 கிலோவை 185 ரூபாய்க்கும், மீதி 30 கிலோவை 178 ரூபாய்க்கும் விற்றால் 21,990 ரூபாய் கிடைக்கும். ஆட்டோவுக்கு 400 ரூபாயும், அரை நாள் வேலையை விட்டுப் போவதற்கு 350 ரூபாயும் கழித்தால் 21,240 ரூபாய் நிற்கும், அதாவது கிலோவுக்கு 177 ரூபாய். வாரிய விலையிலிருந்து பார்த்தால் கிலோவுக்குச் சரியாக 13 ரூபாய் குறைவு. ஆகவே மகளின் எல்லை “வாரிய விலையில் 13 ரூபாய் குறைவு, கழிவு இல்லாமல்” என்பதாகும்.

எல்லையை 177 என்று எழுதாமல் 13 ரூபாய் குறைவு என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கத்தின் விலைக் குறைப்பு சராசரியாக கிலோவுக்கு 6 ரூபாய் 75 காசு, வண்டியும் நேரமும் சேர்ந்து 6 ரூபாய் 25 காசு. வாரிய விலை 160 ஆனாலும் 220 ஆனாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை. தொகையாக எழுதிய எல்லை அடுத்த வாரமே பழையதாகிவிடும், வித்தியாசமாக எழுதிய எல்லை மாதக்கணக்கில் நிற்கும்.

இப்போது பழைய கடைக்காரரின் ஏற்பாட்டை இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவர் குறைப்பது 12 ரூபாய்தான் என்பதால் எல்லையைவிட மேலாகத் தோன்றும். ஆனால் 120 கிலோவில் 3.6 கிலோ கழிந்து 116.4 கிலோவுக்கு மட்டுமே 178 ரூபாய் வீதம் 20,719 ரூபாய் வருகிறது. நாம் கொடுத்த 120 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 172 ரூபாய் 66 காசு, அதாவது வாரிய விலையில் 17 ரூபாய் 34 காசு குறைவு. பேச்சில் “மூணு கிலோதானே” என்று சிறிதாக ஒலிக்கும் கழிவின் விலை கிலோவுக்கு 5 ரூபாய் 34 காசு. ரப்பர் விலை ஏற ஏற இந்தக் கழிவின் பணமதிப்பும் ஏறும். இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். முதன்முறை தனியாக விற்கப் போனபோது கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டி வாங்கிய மகிழ்ச்சியில் தராசின் பக்கமே பார்க்கவில்லை. வழக்கமாக 3 கிலோ கழித்துவந்தவர் அன்று 5 கிலோ கழித்திருந்ததை வீட்டில் வந்து சிட்டையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கூட்டி வாங்கியதைவிடக் கழிவில் போனது அதிகம்.

எல்லை எல்லா மாதத்துக்கும் ஒன்றாக இருக்காது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் ஷீட் மெதுவாகக் காயும், பூஞ்சை பிடிக்கும், ஆர்.எஸ்.எஸ்.4 ஆகத் தேறுவது குறையும். பாதிதான் தேறுகிறது என்றால் சங்கத்தின் சராசரிக் குறைப்பு 8 ரூபாய் 50 காசாக உயர்ந்து, எல்லையும் 14 ரூபாய் 75 காசுக்கு இறங்கிவிடும். இலை உதிரும் காலத்தில் பால்வெட்டு குறைந்து 60 கிலோ மட்டும் கிடைத்தால், அதே 750 ரூபாய்ச் செலவு பாதி எடையின் மேல் ஏறி, கிலோவுக்கு 12 ரூபாய் 50 காசு ஆகிவிடும். எல்லை 19 ரூபாயைத் தாண்டும். அப்படிப்பட்ட மாதத்தில் பழைய கடைக்காரரின் ஏற்பாடே மேல். ஆகவே ஆண்டு முழுவதற்குமான ஏற்பாட்டை, ஷீட் நன்றாகவும் நிறையவும் கிடைக்கும் மாதத்தில் பேசுவது நல்லது. தாளில் நல்ல மாதம், மழை மாதம் என்று இரண்டு எல்லைகளை எழுதினால் போதும்.

அடுத்து நோக்கம். “நல்ல விலை வேண்டும்” என்று எழுதினால் அது எந்த முடிவுக்கும் உதவாது. பணம் எதற்கு, என்றைக்குத் தேவை என்பதிலிருந்து எழுத வேண்டும். மகளுக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கூலி 8,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். கூலி தாமதமானால் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார், புதிய ஆள் கிடைக்கும்வரை மரம் வெட்டப்படாமல் நிற்கும். ஆகவே நோக்கம் இரண்டு வாக்கியமாகிறது: “கையில் நிற்கும் தொகை கிலோவுக்கு இப்போதைவிட 5 ரூபாயாவது கூட வேண்டும். ஐந்தாம் தேதிக்குள் கூலிப்பணம் கையில் இருக்க வேண்டும்.” இரண்டாவது வாக்கியத்தை எழுதாதவர்கள், விலையில் வென்று கூலிக்கு வட்டிக்கு வாங்கும் நிலைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

விஷயங்களை வரிசைப்படுத்தும்போது ஒவ்வொன்றையும் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். எடைக் கழிவு 5 ரூபாய் 34 காசு. விலைக் குறைப்பில் பேசி மாற்றக்கூடியது மூன்று நான்கு ரூபாய். வீட்டுக்கு வண்டி வருவது, சங்கத்துக்குக் கொண்டுபோகும் செலவை வைத்துப் பார்த்தால் 6 ரூபாய் 25 காசு. ஆனால் அதை அவர் ஏற்கெனவே செய்து வருவதால் அது இழக்கக் கூடாததே தவிரக் கேட்டுப் பெற வேண்டியது அன்று. பணத் தாமதத்தின் மதிப்பு, 8,000 ரூபாயை மாதம் 2 வட்டிக்கு அரை மாதம் புரட்டினால் 80 ரூபாய், கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கணக்கின்படி அது கடைசியில் வர வேண்டும். ஆனால் பால்வெட்டு ஆள் போய்விட்டால் வரும் இழப்பு இந்தக் கணக்கில் அடங்காது என்பதால் நான் அதை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவருவேன். வரிசை இறுதியாக இப்படி அமைகிறது: கழிவு, பணம் தரும் நாள், விலைக் குறைப்பு, தரம் பிரித்தல். வண்டியை வரிசையில் சேர்க்காமல் பக்கத்தில் “விடக் கூடாது” என்று எழுதிக்கொள்ளலாம். கடைக்காரரின் வரிசை எப்படி இருக்கும் என்பதையும் ஊகித்துப் பென்சிலால் அருகில் எழுதுங்கள். கேள்வி கேட்ட பிறகு அதைத் திருத்த வேண்டி வரும்.

மாற்று ஏற்பாடுகள் என்பவை கடைக்காரர் முன் வைக்கப்போகும் இரண்டு மூன்று தொகுப்புகள். நமக்கு ஏறக்குறைய ஒரே மதிப்புடையவையாக அவை இருக்க வேண்டும் என்பதில்தான் இதன் பயன் அடங்கியிருக்கிறது. முதல் தொகுப்பு: மொத்தமாக 9 ரூபாய் குறைவு, கழிவு இல்லை, பணம் பதினைந்து நாளில். இரண்டாவது: நாமே தரம் பிரித்துக் கட்டிக் கொடுப்போம், ஆர்.எஸ்.எஸ்.4-க்கு 6 ரூபாய் குறைவு, மற்றதற்கு 12 ரூபாய் குறைவு, பணம் ஒரு வாரத்தில். இதன் சராசரி 7 ரூபாய் 50 காசு, பிரிக்கும் வேலைக்கு கிலோவுக்கு ஒரு ரூபாய் சேர்த்தால் 8 ரூபாய் 50 காசு ஆகிறது. மூன்றாவது: 10 ரூபாய் குறைவு, கழிவு இல்லை, எடை போட்ட அன்றே பணம். மூன்றில் எதை எடுத்தாலும் மகளுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கடைக்காரர் எதை நோக்கிச் சாய்கிறார் என்பதிலிருந்து அவருக்குப் பணப்புழக்கம் இடிக்கிறதா, தரம் பிரிக்க ஆள் இல்லையா என்பது தெரிந்துவிடும். ஒட்டுப்பாலை இதுவரை வேறொருவருக்கு விற்று வந்தால், அதையும் சேர்த்துத் தருவதாகச் சொல்வதை நான்காவதாகக் கையில் வைத்துக்கொள்ளலாம். பேச்சு நின்றுபோகும் இடத்தில் எடுத்து வைக்க அது நல்ல பொருள்.

முதல் பேச்சை யார் தொடங்குவது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. மறுபக்கத்து நிலவரம் தெரியாதபோது அவரைப் பேசவிட்டுக் கேட்பது நல்லது. ஆனால் இங்கே வாரிய விலை எல்லோருக்கும் தெரிந்தது, சங்கத்தின் ஏற்பாட்டை மகள் நேரில் பார்த்துவிட்டார், ஆகவே அவரே முதலில் சொல்லலாம். சொல்லும் தொகைக்கு வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும். “எடைக் கழிவு இல்லாமல், வாரியத்தின் ஆர்.எஸ்.எஸ்.4 விலையில் கிலோவுக்கு 7 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணே. சங்கத்தில் இதே ஷீட்டைத் தரம் பார்த்ததில் சராசரியாக ஏழுக்குள்தான் குறைகிறது.” சங்கத்துக்குக் கொண்டுபோகும் செலவு நம் எல்லைக்கணக்கில் இருக்கிறது, அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக, தரப்படாத விலையைத் தந்ததாகச் சொல்லவும் கூடாது. கொள்முதல் இடத்தில் என்ன விலை போகிறது என்பது கடைக்காரருக்கு ஒரு போன் தூரம்தான். தொகையைச் சொன்ன பிறகு அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருப்பதும் முதல் பேச்சின் பகுதியே. வெட்கத்தால் நாமே “இல்லாட்டி எட்டு குறைச்சுக்கோங்க” என்று இறங்கிவிடுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு.

கேள்விகளை முழு வாக்கியமாக, சொல்லப்போகும் வடிவிலேயே எழுதுங்கள். நான்கைந்து போதும். முதலாவது: “நீங்க சொல்றது வாரிய விலையா, வியாபாரி விலையா? எந்த நாள் விலை, எடுக்கிற நாளா, எடை போடுற நாளா?” வாரிய விலையும் வியாபாரி விலையும் வேறுபடும் நாள்கள் உண்டு. இதைத் தெளிவாக்காமல் 9 ரூபாய் குறைவு என்று ஒத்துக்கொண்டால், எதிலிருந்து ஒன்பது என்ற சண்டை பிறகு வரும். இரண்டாவது: “மூணு கிலோ கழிக்கிறீங்களே, எந்த ஷீட்டைப் பார்த்து அப்படித் தோணுது? எடுத்துக் காட்டுங்க.” நன்றாகக் காய்ந்து புகை பிடித்த ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே நிறமாக ஒளி ஊடுருவும். காயாத இடம் வெள்ளையாகத் தெரியும். எல்லாக் கட்டுக்கும் ஒரே விகிதத்தில் கழிப்பதற்கும், காயாத ஷீட்டை மட்டும் ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கேள்வி வெளியே கொண்டுவரும். மூன்றாவது: “உங்க லோடு எந்தக் கிழமை போகுது, அங்கேயிருந்து பணம் எப்போ வரும்?” நான்காவது: “நாங்க எப்படிக் கொண்டுவந்தா உங்களுக்கு வேலை குறையும்?” பதில்களைத் தாளின் பின்பக்கத்தில் அங்கேயே குறித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். கடைக்காரரும் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

எழுதி முடித்த பக்கம் இவ்வளவுதான் இருக்கும்:

நோக்கம்: கையில் நிற்பது கிலோவுக்கு 5 ரூபாயாவது கூட, கூலிப்பணம் 5-ஆம் தேதிக்குள்.
வரிசை: கழிவு, பணம் தரும் நாள், விலைக் குறைப்பு, தரம். (வண்டி: விடக் கூடாது.)
தொகுப்புகள்: 9 குறைவு, 15 நாள் / தரம் பிரித்து 6, 12 குறைவு, ஒரு வாரம் / 10 குறைவு, அன்றே பணம். எதிலும் கழிவு இல்லை. கையிருப்பு: ஒட்டுப்பால்.
முதல் பேச்சு: 7 குறைவு, கழிவு இல்லை. காரணம்: சங்கத்துச் சராசரி.
எல்லை: நல்ல மாதம் 13 குறைவு, மழை மாதம் 14.75 குறைவு, கழிவு இல்லாமல்.
கேள்விகள்: எந்த விலை, எந்த நாள்? எந்த ஷீட்டுக்குக் கழிவு? லோடு எந்தக் கிழமை? எப்படிக் கொண்டுவந்தால் எளிது?

பேச்சு நடக்கும்போது எல்லையை மாற்றத் தோன்றும். பழைய பழக்கம், அப்பாவுக்கு அவர் செய்த உதவி, தேநீர் வாங்கித் தந்தது எல்லாம் சேர்ந்து ஒரு ரூபாய் இறங்கச் சொல்லும். எல்லை மாற வேண்டுமானால் மாற்று இடத்தின் நிலவரம் மாறியிருக்க வேண்டும், அதாவது சங்கம் குறைப்பைக் கூட்டியிருக்க வேண்டும் அல்லது நம் ஷீட்டின் தரம் இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஏதாவது புதிதாகத் தெரியவந்தால், “நாளைக்குச் சொல்றேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டை முடித்துவிடுவோம். மகள் 7 என்று சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டு, கழிவை விடவே முடியாது என்கிறார். விலையில் வேண்டுமானால் ஒரு ரூபாய் விட்டுத் தருவதாகவும் சொல்கிறார். இங்கே ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டால் பழைய கதைதான்: கழிவு அப்படியே இருக்க, கிலோவுக்கு 97 காசுதான் கூடும். மகள் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறார். கட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைப் புள்ளி உள்ளவை நான்கு ஷீட் மட்டுமே, அவையும் புகைப்புரையின் கதவோரம் தொங்கியவை. லோடு வியாழக்கிழமை போகிறது என்பதும், புதன்கிழமை கைக்கு வரும் ஷீட்டுக்கு அவர் பணத்தை அதிக நாள் முடக்க வேண்டியதில்லை என்பதும் மூன்றாவது கேள்வியில் தெரிகின்றன. கடைசியில், வெள்ளைப் புள்ளி உள்ள ஷீட்டை அங்கேயே ஒதுக்கித் திருப்பித் தருவது, மற்றதற்குக் கழிவு இல்லை, எடை போடும் நாளின் வாரிய விலையில் 10 ரூபாய் குறைவு, மாதத்தின் கடைசிப் புதன்கிழமை வண்டி வரும், பணம் ஐந்து நாளில் என்று முடிகிறது. மாதக்கடைசியை ஒட்டிப் புதன் வருமானால் கூலி தேதி இடிக்கிறதா என்று மகள் நாள்காட்டியில் பார்த்துக்கொள்கிறார். 31-ஆம் தேதியே புதன் ஆனாலும் ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்துவிடும்.

முழு 120 கிலோவுக்கும் கணக்கிட்டால் 180 ரூபாய் வீதம் 21,600 ரூபாய், பழையதைவிட 881 ரூபாய் கூடுதல். விலைக் குறைப்பில் இறங்கியது 2 ரூபாய் மட்டுமே, மீதி 5 ரூபாய் 34 காசும் கழிவிலிருந்து வந்தது. திருப்பித் தந்த நான்கு ஷீட்டும் புகைப்புரையின் நடுவில் இன்னும் இரண்டு நாள் தொங்கிவிட்டு அடுத்த மாதக் கட்டில் சேரும். பேசியதை அன்றே நான்கு வரியில் எழுதி, கடைக்காரரின் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரிதானே அண்ணே?” என்று கேட்டு, அவர் பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சிட்டை வந்ததும் அதில் மொத்த எடை, கழிவு, எந்த நாள் விலை என்ற மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நிகர எடை மட்டும் எழுதியிருந்தால் கழிவு வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கக்கூடும், அடுத்த முறை கட்டை வீட்டிலேயே ஒருமுறை எடை போட்டு அனுப்புங்கள்.